ஆடாத மடக்கு மேசை: இரும்பில் செய்யும் முறை

மடக்கி வைக்கக்கூடிய இரும்பு வேலை மேசையிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. விரித்து நிறுத்தினால் அது நிலையான மேசையைப்போல அசையாமல் நிற்க வேண்டும். மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பலகையாகிவிட வேண்டும். சாதாரண மேசையில் காலும் மேல்சட்டமும் பற்றவைத்து ஒன்றாகிவிடுவதால் அசைவதற்கு வழியே இல்லை. மடக்கு மேசையில் அந்த இணைப்பை அறுத்துவிட்டு, அங்கே ஒரு கீலையும் ஒரு பூட்டு முளையையும் வைக்கிறார்கள். கீலிலும் முளையிலும் நூலளவு இடைவெளியாவது இருந்தே தீரும். மேசையின் தரம் அந்த நூலளவை எப்படிக் கையாள்வது என்பதில்தான் இருக்கிறது. இரும்பின் கனம் அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டாக, 1200 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம், 850 மி.மீ. உயரம் உள்ள மேசையை எடுத்துக்கொள்ளலாம். எல்லாச் சட்டங்களும் 40 மி.மீ. சதுரக் குழாய், சுவர் கனம் 2 மி.மீ. மேலே 18 மி.மீ. பிளைவுட். மேல்சட்டத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக் குழாய். இரண்டு கால் சட்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டு கால்கள், உச்சியில் ஒரு குறுக்குக் குழாய், அடியிலிருந்து 120 மி.மீ. உயரத்தில் இன்னொன்று என்று அமையும். மொத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் குழாய் பிடிக்கும். கடையில் குழாய் 6 மீட்டர் நீளத்தில் வருவதால் இரண்டு வாங்கினால் போதும். வெட்டிப் பார்க்கவும் பற்றவைத்துப் பழகவும் துண்டு மிஞ்சும். பிளைவுட்டோடு சேர்த்து முழு மேசையும் 35 கிலோவை ஒட்டி வரும். ஒருவர் சாய்த்து நகர்த்திவிடலாம், தூக்குவதற்கு இருவர் வேண்டும்.

வெட்டுவதற்கு முன்பே ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிளைவுட், மேல்சட்டம் இரண்டும் சேர்ந்து 58 மி.மீ. உயரத்தை எடுத்துக்கொள்கின்றன. மீதி 792. அதில் 22 மி.மீ. அடிப் போல்ட்டுக்கு ஒதுக்கினால் கால் குழாயின் நீளம் 770. இப்படி இரண்டு கால் சட்டங்களையும் உள்பக்கமாக மடக்கினால், 1200 மி.மீ. நீளத்துக்குள் இரண்டு 770 அடுத்தடுத்துப் படுக்க முடியாது. நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஆகவே ஒரு பக்கத்துக் கீல் தாழ்ந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மேல்சட்டத்தின் குறுகிய பக்கக் குழாய்க்கு அடியில் இன்னொரு 40 மி.மீ. குழாயையும் 6 மி.மீ. பட்டையையும் சேர்த்துப் பற்றவைத்தால் கீல் 46 மி.மீ. கீழிறங்கும். அந்தப் பக்கத்துக் கால்கள் அதே அளவு குறைந்து 724 மி.மீ. ஆகும். மடக்கும்போது நெட்டைக்கால் முதலில் உள்ளே படுக்கிறது, குட்டைக்கால் அதன்மேல் போர்த்துக்கொள்கிறது. மடக்கிய மேசையின் மொத்தக் கனம் 15 செ.மீ.க்குச் சற்று மேல். இந்த 46 மி.மீ. கணக்கை மறந்துவிட்டு நான்கு கால்களையும் ஒரே அளவில் வெட்டிவிடுவதுதான் முதல் மேசையில் பொதுவாக நடக்கும் விபத்து. கடைசியில் மடக்கிப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.

அடுத்தது மூலைகள். குழாயின் வாய் வெளியே தெரியாமலிருக்க 45 டிகிரிச் சாய்வெட்டு அழகானது. ஆனால் அது பிழையை இரட்டிப்பாக்கும். வெட்டு இயந்திரத்தின் கோணம் அரை டிகிரி பிசகினால், இரண்டு துண்டுகள் சேரும் மூலையில் அது ஒரு டிகிரி ஆகிறது. 600 மி.மீ. நீளப் பக்கத்தின் கடைசியில் ஒரு டிகிரி என்பது 10 மி.மீ. விலகல். இயந்திரத்தில் பொறித்திருக்கும் அளவுகோலை நம்பாமல், கழிவுத் துண்டுகள் இரண்டை வெட்டிச் சேர்த்து மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. கோணம் தவறிய துண்டுகளை வலிந்து நேர்மூலையாக நிறுத்தினால் உள்பக்கமோ வெளிப்பக்கமோ ஆப்பு வடிவில் இடைவெளி விழும். அதை ராடால் நிரப்பிவிடலாம் என்று தோன்றும். நிரப்பிய இடம் ஆறும்போது அதிகமாகச் சுருங்கி, மூலையை அந்தப் பக்கமே இழுக்கும். திரும்ப வெட்டுவதுதான் குறுக்குவழி.

வெட்டிய நான்கு துண்டுகளையும் சமமான தளத்தில் பரப்பி, ஒவ்வொரு மூலையிலும் டேக் மட்டும் வைக்க வேண்டும். அதாவது சில மி.மீ. நீளப் பொட்டு. பிறகு மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். 1200க்கு 600 என்ற செவ்வகத்துக்கு மூலைவிட்டம் 1341.6 மி.மீ. இரண்டும் ஒன்றாக இருந்தால் மூலைகள் நேராக இருக்கின்றன. இரண்டுக்கும் 4 மி.மீ. வித்தியாசம் வந்தால் குறுகிய பக்கம் 2 மி.மீ.க்குச் சற்று மேல் சாய்ந்திருக்கிறது என்று பொருள். நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்தினால், டேக் மட்டும் இருப்பதால் சட்டம் வளைந்துகொடுக்கும். இந்தச் சோதனையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. எதிரெதிர்ப் பக்கங்கள் சம நீளமாக இல்லையென்றால் மூலைவிட்டச் சமம் எதையும் நிரூபிக்காது. சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தாலும், அதாவது ஒரு மூலை மட்டும் தூக்கி நின்றாலும், அதை மூலைவிட்டம் காட்டாது. முறுக்கைக் கண்டுபிடிக்க மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினால் போதும். நடுவில் அவை பட்டும் படாமல் தொட வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ சட்டம் முறுக்கியிருக்கிறது. கீழே போன நூலை மேலே மாற்றி மறுபடி பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒன்றையொன்று அழுத்தும் நூல்களும் மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத் தொடுவதுபோலவே தெரியும்.

டேக் வைத்தபோது நேராக இருந்த மூலை முழுதாகப் பற்றவைத்தபின் கோணுவது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. எந்தப் பக்கம் அதிகமாகப் பற்றவைக்கப்படுகிறதோ, மூலை அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். உள்மூலையில் முதலில் நீளமாக ஓட்டினால் 90 டிகிரி 89 ஆகிவிடும். அதனால் முதலில் வெளிமூலை, பிறகு மேல்முகமும் கீழ்முகமும், கடைசியாக உள்மூலை என்று போவது வழக்கம். ஒரு மூலையில் ஒரு முகம் முடிந்ததும் அதற்கு நேரெதிர் மூலைக்குத் தாவ வேண்டும். ஒரே இடத்தில் சூடு தேங்காமலிருக்க இதுவே வழி. 2 மி.மீ. சுவருக்கு 2.5 மி.மீ. கனமுள்ள 6013 ராடும் 60 முதல் 80 ஆம்பியர் வரையிலான மின்னோட்டமும் பொருந்தும். அதிகம் வைத்தால் குழாய் ஓட்டையாகும். குறைத்தால் உருகிய இரும்பு மேலே மணிமணியாக உட்கார்ந்திருக்கும், உள்ளே பிடித்திருக்காது. பிளைவுட் உட்காரும் மேல்முகத்தை மட்டும் கிரைண்டரால் சமமாக்க வேண்டும். உள்மூலைப் பற்றை அழகுக்காகத் தேய்த்தால் மூலையின் பலம் அதோடு போகும். துத்தநாகம் பூசிய குழாயை அப்படியே பற்றவைக்கக் கூடாது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். கறுப்புக் குழாயே இந்த வேலைக்கு ஏற்றது.

கால் சட்டங்களையும் இதே முறையில் சதுரம் பார்த்துச் செய்தபின் கீல் வேலை தொடங்குகிறது. இங்கே வடிவமைப்பில் ஒரு விஷயத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: மேசையின் எடையைக் கீல் சுமக்கக் கூடாது. விரித்து நிற்கும்போது கால் சட்டத்தின் உச்சிக் குழாய், மேல்சட்டத்தின் குறுகிய பக்கக் குழாயின் அடியில் (மறுபக்கத்தில், சேர்த்த குழாயின் அடியில்) 600 மி.மீ. முழுக்கப் பதிந்து உட்கார வேண்டும். எடை இரும்பிலிருந்து இரும்புக்கு நேராக இறங்கும். கீலின் வேலை கால் மடங்க வழிகாட்டுவது மட்டுமே. இதற்குக் கீலின் அச்சை, இரண்டு குழாய்களும் சேரும் கோட்டில், உள்பக்கமாக வைக்க வேண்டும். கதவுக் கீல் கதவுக்கும் நிலைக்கும் இடையே அமர்வதும் இப்படித்தான்.

கடையில் கிடைக்கும் பற்றவைப்புக் கீல்களைப் போடலாம். ஆனால் 12 மி.மீ. பளபளப்புக் கம்பியையும் அது தளர்வில்லாமல் நுழையும் 20 மி.மீ. வெளிவிட்டக் குழாயையும் வைத்துச் செய்துகொள்வது இந்த மேசைக்கு மேல். காரணம், கால் சட்டத்துக்கு இரண்டு கீல்கள் தேவை, அவை இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். தனித்தனிக் கீல்களை அப்படி நிறுத்துவது கஷ்டம். ஒரே கம்பியில் எல்லாக் குழாய்த் துண்டுகளையும் மாலையாகக் கோத்துவிட்டால் நேர்கோடு தானாகவே கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு கீலுக்கும் மூன்று துண்டுகள். நடுத்துண்டு கால் சட்டத்தின் உச்சிக் குழாயோடும், இரு பக்கத் துண்டுகள் மேல்சட்டக் குழாயோடும் சேரும். துண்டுகளுக்கு இடையே மெல்லிய வாஷர் வைத்தால் உரசாது.

மேல்சட்டத்தைத் தலைகீழாகக் கிடத்தி, கால் சட்டத்தை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, சி கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டு, கம்பி உள்ளே இருக்கும்போதே துண்டுகளுக்கு டேக் வைக்க வேண்டும். டேக் ஆறியதும் கிளாம்பை விடுவித்துக் காலை மடக்கிப் பார்க்க வேண்டும். ஒரே சீராக மடங்கினால் அச்சு சரி. பாதி வழியில் இறுகி, பிறகு தளர்ந்தால் ஒரு துண்டு விலகியிருக்கிறது. அந்த நிலையில் டேக்கை வெட்டி எடுப்பது ஒரு நிமிட வேலை. முழுப் பற்று விழுந்த பிறகு அரை நாள் வேலை. முழுதாகப் பற்றவைக்கும்போதும் சிறுசிறு ஓட்டமாகப் போய், இடையிடையே கம்பியைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சூட்டில் குழாய் சுருங்கி, கம்பியை உள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

பூட்டுதான் மேசையின் உயிர். எளிய வழியாகப் பலர் செய்வது, கீலுக்குப் பக்கத்திலேயே ஒரு தகட்டைப் பற்றவைத்து, காலையும் தகட்டையும் சேர்த்துத் துளைத்து, அதில் ஒரு முளையைச் செருகுவது. பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும், ஆனால் ஆடும். கணக்கு இதுதான். முளைக்கும் துளைக்கும் இடையே அரை மி.மீ. இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முளை கீலின் அச்சிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருந்தால், 790 மி.மீ. தள்ளித் தரையில் இருக்கும் கால் நுனியில் அந்த அரை மி.மீ. ஏறத்தாழ 8 மி.மீ. ஆகப் பெருகும். அதே இடைவெளியோடு முளையை 140 மி.மீ. தள்ளி வைத்தால் நுனியில் 3 மி.மீ.க்கும் குறைவு. கூடுதல் இரும்பு, கனமான முளை எதுவும் தேவையில்லை, தூரம் மட்டும் போதும்.

பலம் இங்கே பிரச்சினையே இல்லை என்பதையும் கணக்கே காட்டும். இழைப்புளி போடும்போது ஒருவர் 30 கிலோ அளவுக்கு நெடுக்குவாட்டில் தள்ளுகிறார் என்று கொள்ளலாம். 850 மி.மீ. உயரத்தில் விழும் அந்தத் தள்ளல் நான்கு பூட்டுகளுக்கும் பிரிந்து போகிறது. 140 மி.மீ. தூரத்தில் இருக்கும் ஒவ்வொரு பூட்டுக்கும் 45 கிலோவை ஒட்டி வரும். 12 மி.மீ. மென் இரும்பு முளை ஒன்று ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். முளை உடைந்து மேசை விழுவதில்லை. முளை ஆடி வேலை கெடுகிறது. கனமான முளையைத் தேடிப் போகிறவர்கள் தவறான வியாதிக்கு மருந்து வாங்குகிறார்கள்.

அந்த 140 மி.மீ. தூரத்தைக் கொடுப்பது சாய்ந்த தாங்குபட்டை. 30 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள பட்டையின் ஒரு முனையை, மேல்சட்டத்தின் அடியிலிருந்து 240 மி.மீ. கீழே காலின் உள்முகத்தில் போல்ட்டால் மாட்ட வேண்டும். பட்டைக்கும் காலுக்கும் இடையே ஒரு வாஷர், வெளியே தளராத வகை நட்டு. மறுமுனை, காலின் நடுக்கோட்டிலிருந்து 240 மி.மீ. தள்ளி, மேல்சட்டத்தின் நீளக் குழாயில் முளையால் பூட்டப்படும். போல்ட்டுக்கும் முளைக்கும் நடுவே 354 மி.மீ. வரும். முளையை எடுத்ததும் பட்டை காலோடு ஒட்டி, அடிப்பக்கம் நோக்கி மடங்கிக்கொள்ளும். கீழ்க் குறுக்குக் குழாயைத் தொடாமல் நெட்டைக்காலில் இரண்டு செ.மீ. மிஞ்சுகிறது. நீளமான பட்டை இன்னும் நல்லதுதானே என்று 300 மி.மீ.க்குப் போனால் பட்டை அந்தக் குழாயில் முட்டும். குட்டைக்காலில் கீல் தாழ்ந்திருப்பதால் அச்சுக்கும் பட்டைக்கும் உள்ள தூரம் 110 மி.மீ. ஆகக் குறைகிறது. ஆட்டம் அந்தப் பக்கம் சற்றுக் கூடுதலாக இருப்பது இந்த அமைப்பின் குறை.

முளை நுழையும் இடத்தில் 2 மி.மீ. குழாய்ச் சுவரை வெறுமே துளைத்து விட்டால், சில மாதங்களில் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். சட்டக் குழாயைக் குறுக்காகத் துளைத்து, 12 மி.மீ. உள்விட்டமுள்ள தடித்த புஷ் ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை செருகி, இரு முகங்களிலும் பற்றவைத்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். உள்பக்கத்தில் பட்டைக்கு 7 மி.மீ. இடம் விட்டு, 6 மி.மீ. தகட்டில் ஒரு காது வைக்க வேண்டும். முளை வெளியிலிருந்து வந்து புஷ்ஷைக் கடந்து, பட்டையைத் துளைத்து, காதில் முடியும். இப்படி இரு பக்கமும் பிடிப்பு இருந்தால் முளை சாயாது. மேசைக்கு அடியில் குனியாமலே அதை உருவவும் முடியும். காது சட்டக் குழாய்க்குக் கீழே தொங்கக் கூடாது, தொங்கினால் மடங்கி வரும் காலில் பட்டையை மாட்டிய போல்ட் அதில் இடிக்கும்.

பட்டையின் முளைத் துளையை முன்கூட்டி அளந்து போடுவது வீண் நம்பிக்கை. வெல்டிங் எல்லாம் முடிந்து, எல்லாம் ஆறிய பிறகு, மேசையை நிறுத்தி, மூலைமட்டத்தால் ஒவ்வொரு காலும் மேல்சட்டத்துக்கு நேர்மூலையில் இருக்கிறதா என்று பார்த்து, பட்டையைச் சட்டத்தோடு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். பிறகு புஷ்ஷையே வழிகாட்டியாக வைத்துப் பட்டையையும் காதையும் ஒரே ஓட்டத்தில் துளைக்க வேண்டும். அப்போது துளைகள் காகிதத்தில் எழுதிய அளவுக்கு அல்ல, நிற்கும் மேசைக்குப் பொருந்தும். இதனால் நான்கு பட்டைகளும் ஒன்றுக்கொன்று மாற்ற முடியாதவை ஆகிவிடும். காலிலிருந்து கழற்ற நேர்ந்தால் குழம்பாமலிருக்க, பட்டையிலும் காலிலும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி குத்தி அடையாளம் வைப்பது வழக்கம்.

முளைகளுக்குப் பளபளப்புக் கம்பியே வேண்டும். கட்டடக் கம்பியின் மேடுபள்ளம் துளையை அரித்துவிடும். நுனியைச் சிறிது கூம்பாகத் தேய்த்தால், துளைகள் இழையளவு விலகியிருந்தாலும் முளை வழி கண்டுபிடித்து நுழையும். தலையில் ஒரு வளையமும், நுனிப்பக்கத்தில் கிளிப் மாட்ட ஒரு சிறு துளையும், சட்டத்தோடு கட்டிவைக்க ஒரு சங்கிலியும் சேர்த்துவிட வேண்டும். தனியாக விட்ட முளை தொலையும், அதற்குப் பதில் யாராவது ஆணியைச் செருகுவார்கள். மடக்கிய நிலைக்கு ஒரே ஒரு பூட்டுப் போதும். குட்டைக்கால் மேலே போர்த்திக்கொண்டிருப்பதால் அதைச் சட்டத்தோடு பூட்டினால் நெட்டைக்காலும் உள்ளேயே சிறைப்படும். மேசையைத் தூக்கும்போது கால் தானாக விரிந்து விரலை நசுக்காமலிருக்க இந்தப் பூட்டு தேவை.

நான்கு கால்களும் சமமில்லாத தரையில் ஒருசேரத் தொடாது என்பதால், ஒவ்வொரு கால் வாயையும் 6 மி.மீ. தகட்டால் மூடி, அதில் 12 மி.மீ. நட்டைப் பற்றவைத்து, போல்ட்டை அடிக்காலாகத் திருகிவிடுகிறார்கள். முடிந்த மேசை ஆடினால், எந்தத் திசையில் ஆடுகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். எதிரெதிர் மூலைகள் மாறிமாறித் தூக்கினால் சட்டத்தில் முறுக்கு இருக்கிறது, அல்லது தரை சமமில்லை. மேசையை வேறு திசைக்குத் திருப்பி வைத்தும் அதே கால் தூக்கினால் குற்றம் மேசையுடையது. சிறிதளவானால் அடிப் போல்ட்டைத் திருகிச் சரிக்கட்டலாம். நீளவாட்டில் முன்னும் பின்னும் அசைந்தால் முளைத் துளையையோ பட்டைப் போல்ட்டையோ பார்க்க வேண்டும். தேய்ந்த துளையைப் பற்றவைத்து அடைத்து, மேசை நிற்கும் நிலையிலேயே மறுபடி துளைப்பது சரியான பழுது. அகலவாட்டில் அசைவு தெரிந்தால் அது பூட்டின் குற்றமல்ல. கால் சட்டத்தின் மூலைப் பற்றோ கீழ்க் குறுக்குக் குழாயின் பற்றோ விட்டிருக்கிறது.

வண்ணம் அடிக்குமுன் புஷ், காது, பட்டை ஆகியவற்றின் துளைகளையும், கால் சட்டம் மேல்சட்டத்தில் பதியும் முகங்களையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். வண்ணப் படலம் முளையை இறுக்கும். பதியும் முகத்திலோ சில நாட்களில் நசுங்கி உதிர்ந்து, அதுவே ஒரு புது இடைவெளியாகிவிடும். அந்த இடங்களில் துரு ஏறாமலிருக்க லேசாக கிரீஸ் பூசினால் போதும். சுத்தியல் அடி வாங்கும் பிடிகருவியைப் பொருத்துவதானால், மேசையின் நடுவில் அல்லாமல் நெட்டைக்காலுக்கு நேர்மேலே பொருத்த வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் அடி எந்த இணைப்பையும் சீண்டாமல் குழாய் வழியே நேராகத் தரைக்கு இறங்கும்.